மைனாவுக்குத் தெரியாத அல்லீல்: வண்டுக் கூட்டத்தை வைத்துப் பரிணாம ஸ்லைடு செய்த அனுபவம்

இயற்கைத் தேர்வுக்கு ஸ்லைடு போடுகிறவர்கள் பெரும்பாலும் ஒரு வண்டுக் கூட்டத்தில்தான் தொடங்குகிறார்கள். பச்சை வண்டு கொஞ்சம், பழுப்பு வண்டு கொஞ்சம், தரை பழுப்பு, பறவை வந்து கண்ணில் படுகிற பச்சையைக் கொத்திக்கொண்டு போகிறது, அடுத்த படத்தில் பழுப்பு கூடியிருக்கிறது, அதற்கடுத்ததில் எல்லாமே பழுப்பு. தலைப்பில் 'அல்லீல் விகிதம் மாறுகிறது' என்று எழுதியிருக்கும், ஆனால் படத்தில் ஓர் அல்லீலைக்கூட, அதாவது ஒரு மரபணுவின் மாற்று வடிவம் ஒன்றைக்கூட, பார்க்க முடியாது. பார்க்கிற பிள்ளை வண்டுகளின் நிறத்தை எண்ணிவிட்டு அதையே அல்லீல் விகிதம் என்று எழுதிக்கொள்ளும்.

என் அக்கா மகளும் அவளோடு ஜேசியில் படிக்கிற சில பிள்ளைகளும் சனிக்கிழமைகளில் எங்கள் புளோக்குக்குக் கீழே வாய்ட் டெக்கில் உட்கார்ந்து உயிரியல் படிக்கிறார்கள், நான் கூட இருந்து சொல்லிக்கொடுக்கிறேன். அவர்களுக்காகச் செய்த ஸ்லைடுகள் இவை. எனக்கு வேண்டியிருந்தது இரண்டே விஷயம்: ஒவ்வொரு வண்டுக்குள்ளும் இருக்கிற 2 அல்லீலும் கண்ணுக்குத் தெரிய வேண்டும், விகிதம் எந்த இடத்தில் மாறுகிறது என்று விரலை வைத்துக் காட்ட முடிய வேண்டும்.

முதலில் வண்டை வரைந்தேன். வண்டின் முதுகில் 2 கெட்டியான முன்னிறக்கைகள் ஓடு மாதிரி மூடியிருக்கும், நடுவில் ஒரு கோடு ஓடும். மரபணுவின் 2 பிரதிகளைக் காட்ட அதைவிட வசதியான இடம் கிடைக்காது, இடது ஓட்டில் ஒரு வட்டம், வலது ஓட்டில் ஒரு வட்டம், அவ்வளவுதான். `B` என்பது பழுப்புக்கான ஓங்கு அல்லீல், அதற்கு நிரப்பிய வட்டம். `b` என்பது பச்சைக்கான ஒடுங்கு அல்லீல், அதற்கு வெறும் வளையம். இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: `Bb` வண்டுக்கு ஒரு ஓட்டைப் பழுப்பாகவும் இன்னொன்றைப் பச்சையாகவும் தீட்டிவிடத் தோன்றும், அழகாகவும் இருக்கும், ஆனால் அப்படித் தீட்டினால் அந்த வண்டைப் பறவை பாதி பார்க்கும் என்று அர்த்தமாகிவிடும். ஓங்கு என்றால் `Bb` வண்டு வெளியே முழுக்கப் பழுப்புதான், `BB` வண்டிலிருந்து பார்வையால் பிரிக்க முடியாது. அதனால் உடம்பு நிறம் வெளித்தோற்றத்தைக் காட்டட்டும், வட்டங்கள் அல்லீலைக் காட்டட்டும், இரண்டையும் கலக்கவே கூடாது.

பச்சை, பழுப்பு என்ற இரண்டு நிறங்களும் சிவப்பு-பச்சை வேறுபாடு தெரியாதவர்களுக்கு ஒன்றாகவே தெரியலாம், வெளிச்சமான இடத்தில் திரை வெளுத்துப்போனால் மற்றவர்களுக்கும் அதே கதிதான். பச்சை வண்டின் முதுகில் மெல்லிய குறுக்குக் கோடுகள் போட்டுவிட்டேன். நிறத்தை எடுத்துவிட்டுக் கறுப்பு வெள்ளையில் அச்சடித்துப் பார்த்து, அப்போதும் எண்ண முடிகிறதா என்று சோதிப்பது நல்லது.

அடுத்தது அசைவு. பவர்பாயிண்டில் `Morph` என்று ஒரு மாற்றம் இருக்கிறது, ஒரு ஸ்லைடை அப்படியே நகலெடுத்து, இரண்டாவதில் பொருளை நகர்த்தினாலோ நிறத்தை மாற்றினாலோ, முதலாவதிலிருந்து இரண்டாவதற்கு வழுக்கிக்கொண்டு போகும். பார்க்க மிக நன்றாக இருக்கும். வண்டு ஸ்லைடுக்கு அதைவிடக் கெட்டது எதுவும் இல்லை. நகலெடுத்த ஸ்லைடில் பச்சை வண்டுகள் சிலவற்றைப் பழுப்பாக மாற்றி `Morph` போட்டால், திரையில் என்ன நடக்கிறது என்று பாருங்கள்: உயிரோடு இருக்கிற பச்சை வண்டு மெதுவாகப் பழுப்பு வண்டாக மாறுகிறது. நாம் வாயால் என்ன சொன்னாலும் கண் பார்த்தது அதைத்தான், அப்புறம் தேர்வுத்தாளில் 'வண்டுகள் பிழைப்பதற்காகத் தங்கள் நிறத்தை மாற்றிக்கொண்டன' என்று எழுதினால் பிள்ளையைக் குறை சொல்ல முடியாது. எந்தத் தனி வண்டும் மாறுவதில்லை, பிறந்த நிறத்தோடு சாகிறது அல்லது பிழைக்கிறது, மாறுவது கூட்டத்தின் கணக்கு.

அதனால் நான் வைத்துக்கொண்ட விதி: ஒரு வண்டு திரைக்கு வந்த பிறகு அதன் நிறத்தைத் தொடுவதே இல்லை. மைனா கொத்தினால் அந்த வண்டு `Fade` ஆகிக் காணாமல் போகும். புதிய தலைமுறை வெற்றுத் தரையில் புதிய வண்டுகளாக வரும், பழைய வண்டுகளை நகலெடுத்து நிறம் மாற்றியவை கிடையாது. இதனால் ஒவ்வொரு தலைமுறைக்கும் 3 ஸ்லைடு ஆகிறது: பிறந்தவை, மைனாவுக்குத் தப்பியவை, தப்பியவை விட்டுப்போன அல்லீல்களின் குவியல். அந்தக் குவியலிலிருந்துதான் அடுத்த தலைமுறை. (பறவைக்கு மைனாவையே போட்டேன், எங்கள் புளோக்கைச் சுற்றிப் புல்லில் பூச்சி பொறுக்கிக்கொண்டு திரிவது அதுதானே.)

இனி எண்கள். வண்டுகளை முழுசாக வரைய வேண்டும், 44.4 வண்டு என்று ஸ்லைடில் போட முடியாது. எல்லாத் தலைமுறைக்கும் 100 வண்டு என்று பிடிவாதமாக வைத்துக்கொண்டால் இரண்டாவது தலைமுறையிலேயே பின்னம் வந்துவிடும். நமக்குத் தேவை விகிதம்தான், ஒவ்வொரு தலைமுறையிலும் எத்தனை பிறக்கிறது என்பதை நாமே வசதியாக வைத்துக்கொள்ளலாம். 100, 90, 80, 75, 72 என்று எடுத்தால் பின்னமே வராமல் ஓடுகிறது.

தொடக்கத்தில் `B` பாதி, `b` பாதி. கூட்டத்துக்குள் யாரும் யாரோடும் சேரலாம் என்றால் 100 வண்டில் 25 `BB`, 50 `Bb`, 25 `bb`. ஆக 75 பழுப்பு, 25 பச்சை. மைனா பச்சை எல்லாவற்றையும் தின்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம், நிஜத்தில் இவ்வளவு கச்சிதமாக நடக்காது, அதைப் பிறகு பார்க்கலாம். மீதி 75 வண்டு, அவற்றில் 150 அல்லீல். `b` எத்தனை? 50 `Bb` வண்டுகளில் ஆளுக்கு ஒன்று, 50. விகிதம் 50/150, அதாவது 1/3. பாதியாக இருந்தது மூன்றில் ஒன்றானது இந்த இடத்தில்தான், பறவை வந்துபோன இந்த ஒரு ஸ்லைடில்.

அப்புறம் இனப்பெருக்கம். குவியலில் `b` மூன்றில் ஒன்று என்றால் இரண்டு முறை எடுத்து இரண்டுமே `b` வர 1/9. 90 வண்டு பிறந்தால் 40 `BB`, 40 `Bb`, 10 `bb`. இப்போது அல்லீலை எண்ணுங்கள்: 180இல் `b` 60, மறுபடியும் 1/3 தான். பிறப்பில் விகிதம் மாறவில்லை, பழையதே புதிய சோடிகளாகக் கலைந்து சேர்ந்தது, அவ்வளவுதான். கூட்டம் பெரியதாக இருந்து, கலப்பில் பாகுபாடு இல்லாமல், வெளியிலிருந்து வரவும் போகவும் இல்லாமல், புதிய திடீர்மாற்றம் நடக்காமல் இருந்தால் கலப்பு மட்டும் விகிதத்தை அசைக்காது என்பதைத்தான் ஹார்டியும் வைன்பர்க்கும் 1908இல் தனித்தனியாகக் காட்டினார்கள். அந்தப் பெயர்களைத் தனி ஸ்லைடாகப் போட்டு மனப்பாடம் செய்ய வைப்பதைவிட, குவியல் ஸ்லைடையும் பிறப்பு ஸ்லைடையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இரண்டிலும் 1/3 என்று எண்ண வைப்பது நன்றாக வேலை செய்கிறது.

மிச்சத்தை வேகமாகச் சொல்லிவிடலாம். 90இல் 10 பச்சை போனால் 80 வண்டு, 160 அல்லீல், `b` 40, அதாவது 1/4. அடுத்து 80 பிறந்தால் 45, 30, 5. பச்சை 5 போனதும் 150இல் 30, அதாவது 1/5. அடுத்து 75 பிறந்தால் 48, 24, 3. போனதும் 144இல் 24, அதாவது 1/6. அடுத்து 72 பிறந்தால் 50, 20, 2. பாதி, மூன்றில் ஒன்று, நாலில் ஒன்று, ஐந்தில் ஒன்று, ஆறில் ஒன்று என்று படிக்கட்டு மாதிரி இறங்குகிறது.

இங்கேதான் அக்கா மகள் நிறுத்தினாள். "மாமா, பச்சை ஒண்ணுகூடப் பிழைக்கல, ஒரு குட்டிகூடப் போடல. அப்புறம் ஒவ்வொரு தடவையும் பச்சை எங்கேயிருந்து வருது?"

இந்தக் கேள்விக்காகவே இவ்வளவு ஸ்லைடும் என்று சொல்லலாம். முதல் தலைமுறைக்குப் பிறகு பிறக்கிற ஒவ்வொரு பச்சை வண்டுக்கும் அம்மாவும் பழுப்பு, அப்பாவும் பழுப்பு, இருவருமே `Bb`. மைனாவின் கண் நிறத்தைத்தான் பார்க்கிறது, முதுகில் நாம் வரைந்த வளையம் அதற்குத் தெரியாது. தொடக்கத்தில் இருந்த 100 `b`இல் 50 பச்சை வண்டுகளுக்குள் இருந்தது, அதாவது பாதி மைனாவுக்கு எட்டுகிற இடத்தில். அடுத்த தலைமுறையில் 60 `b`, பச்சைக்குள் 20, மூன்றில் ஒன்றுதான் எட்டும். 72 வண்டு இருக்கிற தலைமுறையில் 24 `b` இருக்கிறது, 2 பச்சை வண்டுகளில் 4 மட்டும், மற்ற 20 அல்லீலும் பழுப்பு முதுகுக்குள் பத்திரமாக இருக்கிறது. `b` அரிதாக ஆக ஆக, இன்னொரு `b`யோடு சேருகிற வாய்ப்புக் குறைகிறது, அதனால் வெளியே தெரிகிற பங்கும் குறைகிறது, தேர்வின் பிடி தளர்ந்துகொண்டே போகிறது. பறவை அதே பறவை, பசியும் அதே பசிதான்.

கணக்காக எழுதினால், `b`யின் விகிதத்தை q என்று வைத்தால், பச்சை முழுவதும் சாகிற நிலையில் அடுத்த தலைமுறையில் அது q/(1+q). பாதியில் தொடங்கினால் 1/4 ஆக 2 தலைமுறை போதும். 1/4 லிருந்து 1/8 ஆக மேலும் 4, 1/8 லிருந்து 1/16 ஆக மேலும் 8. ஒவ்வொரு முறை பாதியாகக் குறையவும் இருமடங்கு காலம். 98ஆவது தலைமுறையில்தான் நூறில் ஒன்றுக்கு வரும், அப்போது பச்சை வண்டு பத்தாயிரத்தில் ஒன்று, பூங்காவில் எவ்வளவு தேடினாலும் ஒன்றுகூடக் கண்ணில் படாமல் போகலாம், அல்லீல் மட்டும் உள்ளே இருக்கும்.

வரைபட ஸ்லைடில் ஒரே கோடு போட்டால் இது புரியாது. பச்சை வண்டின் சதவீதம் ஒரு கோடு (25, 11.1, 6.25, 4, 2.8), `b`யின் சதவீதம் இன்னொரு கோடு (50, 33.3, 25, 20, 16.7), இரண்டையும் ஒரே அச்சில் போட வேண்டும். கீழ்க்கோடு தரையைத் தொடுகிற மாதிரி இருக்கும்போது மேல்கோடு இன்னும் உயரத்தில் தொங்குகிறது. 'பச்சை 3 சதவீதத்துக்கும் கீழே போய்விட்டது, ஆகவே பச்சை அல்லீலும் 3 சதவீதத்துக்கும் கீழே' என்று யாராவது சொன்னால், இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியைக் காட்டினால் போதும்.

இதற்கு எதிர்ப்பக்கத்தையும் ஒரே ஸ்லைடில் காட்டினேன். அதே 100 வண்டு, அதே மைனா, ஒன்றை மட்டும் மாற்றுவோம்: பச்சை ஓங்கு, பழுப்பு ஒடுங்கு. இப்போது 75 பச்சை, 25 பழுப்பு. மைனா 75ஐயும் தின்றுவிட்டால் மீதி 25 வண்டிலும் பச்சை அல்லீல் ஒன்றுகூட இல்லை, ஒளிந்துகொள்ள இடமே கிடையாது. ஒரே தலைமுறையில் பூஜ்யம். மற்றதில் 98 தலைமுறை ஆனாலும் போகாத அல்லீல் இதில் ஒரு மதியத்தில் போய்விடுகிறது. ஓங்கு என்றால் பலமானது, கடைசியில் அதுதான் ஜெயிக்கும் என்று நினைக்கிற பிள்ளைகள் நிறைய, அவர்களுக்கு இந்த ஸ்லைடு தேவை. ஓங்கு என்பது `Bb` வண்டு வெளியே எப்படித் தெரியும் என்பதை மட்டும் சொல்கிறது, கூட்டத்தில் கூடுமா குறையுமா என்பதைத் தீர்மானிப்பது தரையின் நிறமும் மைனாவும்.

நிஜ உதாரணம் கேட்டார்கள், இங்கிலாந்தின் புள்ளி அந்துப்பூச்சியைச் சொன்னேன். கறுத்த வகை மான்செஸ்டரில் 1848இல் பதிவானது, 1895 வாக்கில் அந்தப் பகுதியில் ஏறக்குறைய 98 சதவீதம் கறுப்பாகிவிட்டது. ஆண்டுக்கு ஒரு தலைமுறை, ஆக 50க்கும் குறைவான தலைமுறைகள். ஆலைப் புகையில் கறுத்துப்போன மரங்களில் கறுப்புக்கு மறைவு கிடைத்தது ஒரு காரணம், கறுப்பு அல்லீல் ஓங்கு என்பது இன்னொன்று: ஒரு பிரதி இருந்தாலே பூச்சி முழுக்கக் கறுப்பாகத் தெரியும், அரிதாக இருந்த காலத்திலேயே தேர்வு அதைக் கண்டுகொண்டது. இதே நல்ல அல்லீல் ஒடுங்கியதாக இருந்திருந்தால் தொடக்கத்தில் வெகுகாலம் வெளியே தெரியாமலேயே கிடந்திருக்கும்.

இன்னொருத்தி கேட்டது, `BB`யையும் `Bb`யையும் கண்ணால் பிரிக்க முடியாது என்றால் நிஜக் கூட்டத்தில் அல்லீலை எப்படி எண்ணுவது என்று. சரியான கேள்வி. சில மரபணுக்களில் அது முடியும். கோதுமை மாவிலும் ரவையிலும் வருகிற செம்பழுப்பு மாவு வண்டு, டிரைபோலியம் காஸ்டேனியம், ஆய்வகங்களில் வெகுகாலமாக வளர்க்கிறார்கள். அதில் உடல் கறுப்பாவதற்கான ஓர் அல்லீல் இருக்கிறது, 2 பிரதி இருந்தால் கறுப்பு, எதுவும் இல்லையென்றால் வழக்கமான செம்பழுப்பு, ஒரே ஒரு பிரதி இருந்தால் நடுவே வெண்கல நிறம். 3 நிறத்தையும் தனித்தனியாக எண்ணிவிட்டால் அல்லீல் கணக்கு நேராகக் கிடைத்துவிடும், ஊகம் எதுவும் வேண்டாம். நம் ஸ்லைடு வண்டுக்கு அந்த வசதி இல்லாததால்தான் வட்டங்களை வரைய வேண்டியிருந்தது.

ஸ்லைடை மட்டும் பார்த்தால் இயற்கை இவ்வளவு துல்லியமாக நடக்கும் என்று தோன்றிவிடும், ஆகவே மணி வைத்துச் செய்ய வைத்தேன். தேக்காவில் வாங்கிய மணிகள், இரண்டு நிறம், ஒரே அளவு, ஒரே வழவழப்பு. பயறும் காராமணியும் வீட்டில் இருக்கிறதே என்று எடுக்காதீர்கள், அளவு வேறென்றால் கைக்குப் பெரியதுதான் அடிக்கடி அகப்படும், அந்தச் சாய்வு முடிவுக்குள் போய்விடும். ஒரு துணிப்பையில் நிறத்துக்கு 50 மணி. ஒரு மணி எடு, நிறத்தைக் குறித்துக்கொள், திரும்பப் பைக்குள் போடு, குலுக்கு, இன்னொன்று எடு. இரண்டும் சேர்ந்து ஒரு வண்டு. இப்படி 50 வண்டு. இரண்டுமே பச்சை வந்த வண்டுகளை அடித்துவிட்டு, மீதியில் அல்லீல்களை எண்ணி, அந்த விகிதத்துக்கு 100 மணிகளைப் பையில் மாற்றிப் போட்டு அடுத்த தலைமுறை. திரும்பப் போடுவதை விட்டுவிடக் கூடாது, போடாவிட்டால் 100 மணியும் தீர்ந்து எடுத்ததும் பையில் இருந்ததும் ஒன்றாகவே முடியும், பிறப்பில் விகிதத்தை அசைக்கத் தற்செயலுக்கு இடமே இருக்காது.

முதல் முறை மைனா வந்துபோன பிறகு பையில் 100க்கு 33 பச்சை இருக்க வேண்டும் என்பது கணக்கு. ஒரு குழுவுக்கு 29 வரும், இன்னொன்றுக்கு 37 வரும், இரண்டுமே சாதாரணம். 50க்குப் பதில் 10 வண்டு வைத்துச் செய்யச் சொன்னால் ஆட்டம் இன்னும் பெரிதாகும், சில குழுக்களில் மைனா தின்றும் பச்சை அல்லீல் கூடும், சிலவற்றில் சீக்கிரமே முற்றிலும் போய்விடும். அந்தக் கூடுதலும் மறைவும் தேர்வால் வந்தவை அல்ல, சின்னக் கூட்டத்தில் எடுப்பின் தற்செயல், மரபியல் நகர்வு என்று பாடத்தில் வருவது அதுதான். இரண்டையும் பிரித்தறிய ஒரு வழி: எல்லாக் குழுக்களின் எண்ணையும் கூட்டிப் பாருங்கள். தற்செயல் குழுவுக்குக் குழு வேறு திசையில் இழுப்பதால் கூட்டும்போது பெரும்பாலும் அடித்துக்கொண்டு போகும், தேர்வு எல்லாக் குழுவிலும் ஒரே திசையில் இழுப்பதால் கூட்டினாலும் நிற்கும்.

கடைசியாக, மைனா எல்லாப் பச்சையையும் தின்கிறது என்ற மிகைப்படுத்தலைச் சரிசெய்ய ஒரு எக்செல் தாள். `B1` கட்டத்தில் தேர்வின் பலம் s: 1 என்றால் பச்சை ஒன்றும் பிழைக்காது, 0.2 என்றால் பழுப்பு 100 பிழைக்கிற இடத்தில் பச்சை 80 பிழைக்கும், 0 என்றால் மைனாவுக்கு இரண்டும் ஒன்று. `A2` கட்டத்தில் தொடக்க விகிதம் 0.5. `A3` கட்டத்தில் இதைப் போட்டுக் கீழே இழுத்துவிடுங்கள்:

```
=A2*(1-$B$1*A2)/(1-$B$1*A2^2)
```

`C2` கட்டத்தில் `=A2^2` போட்டு இழுத்தால் பிறக்கும்போது பச்சையின் பங்கு கிடைக்கும், வரைபடத்தின் இரண்டாவது கோடு அது. சூத்திரம் சரியாக ஏறியிருக்கிறதா என்று பார்க்க s-க்கு 1 கொடுங்கள், 0.3333, 0.25, 0.2 என்று வர வேண்டும், வராவிட்டால் `$` குறி எங்கேயோ விடுபட்டிருக்கும். s-க்கு 0 கொடுத்தால் 0.5 நேர்க்கோடாக ஓட வேண்டும். 0.2 கொடுத்தால் 0.5, 0.474, 0.449 என்று நிதானமாக இறங்கும், 1/4க்குக் கீழே போக 15ஆவது தலைமுறை ஆகிறது, பச்சை முழுவதும் செத்தபோது 2 தலைமுறையில் வந்த இடம் அது. இந்தத் தாளில் தற்செயல் கிடையாது, `Bb` வண்டு `BB` வண்டுக்குச் சமமாகப் பிழைக்கிறது என்றும் வைத்திருக்கிறது. `Bb` கொஞ்சம் வெளுத்துத் தெரிந்து அதற்கும் மைனாவிடம் ஆபத்து என்றால் இந்தச் சூத்திரம் செல்லாது, அதற்கு மூன்று வகைக்கும் தனித்தனிப் பிழைப்பு விகிதம் கொடுத்து வேறு தாள் போட வேண்டும். மாவு வண்டின் வெண்கல நிறத்துக்கு அப்படி ஒன்றுதான் அடுத்த சனிக்கிழமைக்காகப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.